கல்முனைக் கடைத் தீ: தரையில மூணு இடத்துல எரிஞ்ச தடம் இருந்தா பெற்றோல் ஊத்தினதுதானா?

மருதமுனை_தறி

எல்லாருக்கும் சலாம், வணக்கம். மச்சான்ட சாரிக்கடை கல்முனை பிரதான வீதியில எரிஞ்சு போச்சு. தீ எப்படி வந்ததெண்டு ஆளுக்கொரு கதை. விசயம் தெரிஞ்சவங்க இருந்தா சொல்லுங்க.

கடை 18 அடி அகலம், 40 அடி நீளம். முன்னுக்கு ரோட்டுப் பக்கம் ரெண்டு ஷட்டர், பின்னுக்கு ஒரு பலகைக் கதவு. மேல அஸ்பெஸ்டஸ் கூரை, அதுக்குக் கீழ அலுமினியச் சட்டத்துல ரெஜிபோம் சீலிங். ரெண்டு சுவரிலயும் பிளைவூட் றாக்கை, நிறைய சாரி, எல்லாம் பொலித்தீன் உறையோட. ராத்திரி ரெண்டு மணி கழிஞ்சு பக்கத்துக் கடைக் காவல்காரர் புகையைக் கண்டிருக்கார். தீயணைப்புப் படை வந்து இடது ஷட்டரை வெட்டித் திறந்து, கட்டுப்படுத்த முக்கால் மணித்தியாலம் ஆகிட்டு.

காப்புறுதிக் கொம்பனி அனுப்பின மதிப்பீட்டாளர் சொல்றது இது: தரை டைல்ஸில மூணு இடத்துல தனித்தனியா ஆழமா எரிஞ்ச தடம் இரிக்கி. ஒண்டு ஷட்டருக்கு உள்பக்கம், ஒண்டு நடுவுல, ஒண்டு பின்கதவடியில. ஒரு தீ மூணு இடத்துல தொடங்காது, அதால பெற்றோல் ஊத்திக் கொளுத்தினதாம். ஷோகேஸ் கண்ணாடி வலை மாதிரி வெடிச்சிருக்கு, சீமெந்துப் பூச்சு பொரிஞ்சு விழுந்திருக்கு, அதுவும் சாட்சியாம். அக்கம்பக்கத்தாக்கள் வெடிச் சத்தம் கேட்டதெண்டும் பொலிசுக்குச் சொல்லியிருக்காங்க. பொலிஸ் சாம்பல் கொஞ்சம் எடுத்துக் கொழும்புக்குப் பகுப்பாய்வுக்கு அனுப்பியிருக்கு.

மெயின் ட்ரிப் சுவிட்ச் கீழ விழுந்திருக்கு. லைட் பிரேக்கரும் விழுந்திருக்கு. பிளக் பிரேக்கர் மேலதான் நிக்கிது.

இதை வச்சு எப்படி முடிவெடுக்கிறாங்க?

ஏறாவூர்_வயரிங்

இதுல யோசிக்க என்ன இரிக்கி தம்பி. லைட் பிரேக்கர் விழுந்தா லைட் லைன்ல ஷோட். சீலிங்குக்கு மேல போற வயரைத் தேடிப் பாருங்க, செம்பு உருண்டையா மணி மாதிரி உருகியிருக்கும். அது இருந்தா கரண்ட் தீதான். அதைப் படம் எடுத்துக் கொம்பனிக்காரன்ட கையில குடுங்க.

காத்தான்குடி_கணக்கு

வயர் எல்லாம் எரிஞ்ச கடையில வயர் உருகாம என்ன செய்யும்? இப்படிக் கேஸ்ல முதல்ல பாக்கிறது கடன், ஸ்டொக் கணக்கு, எப்ப காப்புறுதித் தொகையைக் கூட்டினது எண்டதுதான். அதோட கரண்டும் இல்ல, அடுப்பும் இல்ல, சிகரெட்டும் இல்ல எண்டு ஒவ்வொண்டா கழிச்சுக்கொண்டு போனா மிஞ்சுறது தீ வைப்பு. மதிப்பீட்டாளர் சும்மா சொல்லியிருக்க மாட்டார்.

கல்லடிப்பாலம்

மருதமுனைத் தம்பி, நீங்க கேட்ட கேள்விக்கு விடை அந்த மூணு தடத்துலதான் இருக்கு. கடன், கணக்கு எல்லாம் பொலிசின் வேலை. தீ எங்க தொடங்கிச்சு, எது பத்திச்சு, எது பத்த வச்சது எண்டு கண்டுபிடிக்கிற வேலைக்குள்ள அதைக் கலக்கக்கூடாது. கடன்காரன்ட கடையிலயும் வயர் தானா எரியும்.

முதல்ல ஒரு அறை எப்படி எரியுது எண்டு பாருங்க. ஏதோ ஒரு மூலையில தீ தொடங்கினா சூடான புகை மேல போய் சீலிங்குக்குக் கீழ ஒரு படையா நிக்கும். அந்தப் படை தடிச்சுத் தடிச்சுக் கீழ இறங்கும், சூடு ஏறும். 500, 600 பாகை செல்சியஸுக்குக் கிட்ட வந்ததும் அது மேலயிருந்து கதிர் வீசுற சூட்டிலயே கீழ இருக்கிற எல்லாச் சாமானும் கிட்டத்தட்ட ஒரே நேரத்துல பத்தும். துணி, றாக்கை, தரை விரிப்பு எல்லாம். அதுக்கு முந்தின நிமிசம் வரைக்கும் “அறைக்குள்ள ஒரு தீ”. அதுக்குப் பிறகு “அறையே தீ”.

சாரியும் பொலித்தீனும் ரெஜிபோமும் நிறைஞ்ச 18 அடிக் கடையில இந்தக் கட்டம் வர ரொம்ப நேரம் எடுக்காது. பெற்றோல் ஒரு சொட்டும் தேவையில்ல. 1990இல் அமெரிக்காவுல ஜாக்சன்வில் நகரத்துல ஒரு வீட்டுத் தீயில ஆறு பேர் செத்தாங்க. வீட்டுக்காரர் பெற்றோல் ஊத்தினார் எண்டு வழக்கு. பக்கத்துல அதே அமைப்பில இருந்த இன்னொரு வீட்டுக்குள்ள அதே மாதிரித் தளபாடம் போட்டு, சோபாவில மட்டும் தீ வச்சுப் பாத்தாங்க. ஐஞ்சு நிமிசத்துக்குள்ள அறை முழுக்கப் பத்திட்டு. தரையில “ஊத்தின” மாதிரித் தடமும் வந்திட்டு. வழக்கைக் கைவிட்டாங்க.

இப்ப மூணு தடத்துக்கு வாறன். அறை முழுக்கப் பத்தின பிறகு எரியிறதுக்கு விறகு குறை இல்ல, காத்துத்தான் குறை. அதால எங்க காத்து உள்ள வருதோ அங்கதான் சுவாலை பலமா நிக்கும், அங்கதான் தரையும் சுவரும் ஆழமா எரியும். உங்கட முதல் தடம் ஷட்டரடியில. படையினர் வெட்டித் திறந்ததும் அதே ஷட்டர்தான். மூணாவது தடம் பின்கதவடியில, பலகைக் கதவு எரிஞ்சு விழுந்தா அங்கயும் காத்து. இந்த ரெண்டும் தீ தொடங்கின இடத்தைக் காட்டுதெண்டு சொல்ல ஏலாது. காத்து வந்த இடத்தைக் காட்டுது, அவ்வளவுதான்.

இது எவ்வளவு ஏமாத்தும் எண்டதுக்கு ஒரு சோதனை இருக்கு. 2005இல் லாஸ் வேகாஸில ரெண்டு அறையைக் கொளுத்தி, முழுக்கப் பத்தின பிறகு ரெண்டு நிமிசம் மட்டும் எரிய விட்டு அணைச்சாங்க. பிறகு 53 புலனாய்வாளர்களை உள்ள விட்டு, அறையின்ட எந்தக் கால்பகுதியில தீ தொடங்கிச்சு எண்டு மட்டும் கேட்டாங்க. ஒவ்வொரு அறைக்கும் மூணே மூணு பேர்தான் சரியாச் சொன்னது. உங்கட கடை எரிஞ்சது ரெண்டு நிமிசமில்ல.

“ஒரு தீ மூணு இடத்துல தொடங்காது” எண்டது உண்மை. ஆனா மூணும் வெவ்வேற தீ எண்டு முதல்ல நிறுவணும். நடுவுல எரியாத இடம் மிஞ்சி, ஒண்டுக்கொண்டு தொடர்பில்லாம மூணு சின்னத் தீ கிடந்தா அது வலுவான சாட்சி. முழுக் கடையும் எரிஞ்ச பிறகு அந்தப் பிரிவு அழிஞ்சு போயிரும்.

கண்ணாடி வலை மாதிரி வெடிக்கிறது பெற்றோலால இல்ல, சூடான கண்ணாடியில தண்ணி படுறதால. 1991 ஓக்லாந்து மலைத் தீக்குப் பிறகு இதை ஆய்வுகூடத்துல செஞ்சு காட்டினாங்க. சீமெந்து பொரியிறது உள்ள இருக்கிற ஈரம் ஆவியாகிறதால. வெடிச் சத்தம் அஸ்பெஸ்டஸ் தகடு. நல்ல சூட்டில அது படார் படாரெண்டு வெடிச்சுச் சிதறும். எங்கட பகுதியில அந்தச் சத்தம் கேட்டா சனம் என்ன நினைக்கும் எண்டு எல்லாருக்கும் தெரியும்.

சம்மாந்துறை_வயல்

இந்த இழையிலயே கேட்டுர்றன், மன்னிக்கணும். எங்கட வைக்கோல் போர் அறுவடை முடிஞ்சு மூணு கிழமையில தானா எரிஞ்சிட்டு. வைரியள் வச்சதெண்டு வாப்பா முறைப்பாடு குடுத்திட்டார். தானாப் பத்துமா?

வெள்ளைக்கோட்டு

பத்தும். ஈரம் காயாம அடுக்கின வைக்கோல் உள்ள நுண்ணுயிர்களால சூடேறும், பிறகு அந்தச் சூடு வெளிய போக வழியில்லாம இன்னும் ஏறும். அடுக்கி ரெண்டுக்கும் ஆறுக்கும் இடைப்பட்ட கிழமைகள்லதான் இது பெரும்பாலும் நடக்கும். மிச்சம் ஏதும் கிடந்தா நடுவைப் பிளந்து பாருங்க. உள்ளயிருந்து வெளிய வந்த கருகின குழாய் மாதிரிப் பாதை இருந்தா உள்ள தொடங்கின தீ. வெளிப்பக்கம் கருகி நடு மஞ்சளா இருந்தா வெளியால வந்த தீ. முந்தின நாள்களில புளிச்ச, கருகின மணம் வந்ததா எண்டும் வாப்பாவிட்டக் கேளுங்க.

கொப்பராக் களஞ்சியத்துலயும் இது உண்டு. ஆனா தேங்காயெண்ணெய் துடைச்ச துணி தானாப் பத்தினது எண்டு யாரும் சொன்னா லேசில நம்பாதீங்க. ஆளி விதை எண்ணெய் மாதிரிக் காத்துல உலர்ற எண்ணெய்க்குத்தான் அந்தக் குணம் அதிகம்.

ஏறாவூர்_வயரிங்

கல்லடி அண்ணன் நிறையச் சொல்லிட்டார், ஆனா செம்பு மணிக்கு ஒண்டும் சொல்லல்ல. செம்பு உருக 1085 பாகை வேணும். கடைத் தீயில அவ்வளவு சூடு வராது. அப்ப மணி இருந்தா கரண்ட்தானே உருக்கினது?

கல்லடிப்பாலம்

கரண்ட்தான் உருக்கினது, அதுல பிழையில்ல. ஆனா கரண்ட் ஏன் அங்க பாய்ஞ்சது? ரெண்டு காரணம் இருக்கலாம். வயர் பழுதாகித் தீ வந்திருக்கலாம். இல்லாட்டி வேறெங்கயோ தொடங்கின தீ வந்து பி.வி.சி உறையை எரிச்சு, ரெண்டு கம்பியும் முட்டி ஷோட் ஆகியிருக்கலாம். ரெண்டிலயும் ஒரே மாதிரி மணிதான் வரும். மணியைப் பாத்து இது காரணமா விளைவா எண்டு பிரிக்க நம்பத்தக்க வழி இன்னும் இல்ல. மணி உறுதியாச் சொல்றது ஒண்டைத்தான்: தீ அந்த இடத்துக்கு வந்த நேரம் அந்த வயர்ல கரண்ட் இருந்திச்சு.

அதோட முழு எரிவுல 1000 பாகையைத் தாண்டுற இடங்களும் உண்டு. கரண்ட் உருக்கின இடம் சட்டெண்டு முடியும், மணிக்குப் பக்கத்துல கம்பி பழைய தடிப்பிலயே, கம்பி செய்யிற நேரம் இழுத்ததால வந்த கோடு கூடத் தெரிய நிக்கும். தீ உருக்கின கம்பி நீளத்துக்கு மெலிஞ்சு, வழிஞ்சு, சொட்டுச் சொட்டாத் தொங்கும். உங்கட கடையில இன்னொரு சிக்கல் சீலிங் சட்டம். அலுமினியம் 660 பாகையில உருகிச் செம்புல விழுந்தா ரெண்டும் கலந்து செம்பு அதோட உருகுநிலைக்கு வெகு கீழயே உருகும். உருகின இடம் வெள்ளி நிறமா, உடையக்கூடியதா இருந்தா அது அலுமினியத்தின் வேலை.

ட்ரிப் சுவிட்சும் அப்படித்தான். தீ உறையை எரிச்சா அது விழாம என்ன செய்யும்? விழுந்ததை வச்சுக் காரணம் சொல்ல ஏலாது.

ஏறாவூர்_வயரிங்

சரி, மணியை விடுறன். ஆனா அண்ணன், இதைக் கேளுங்க. இந்தப் பக்கத்துக் கடையள்ல சீலிங்குக்கு மேல சந்திப் பெட்டி எல்லாம் போட மாட்டாங்க. ரெண்டு வயரை முறுக்கி ரேப் சுத்தி ரெஜிபோமுக்கு மேல போட்டுர்றது. அந்த முறுக்கு தளந்தா அந்த இடம் சிவந்து சுடும். பாயிற கரண்ட் கூடாது, லைட்டுக்குரிய ரெண்டு மூணு அம்பியர்தான். பிரேக்கருக்கு அது பழுதெண்டே தெரியாது. நிலத்துக்கு ஒழுக்கு இல்லாததால மெயின் ட்ரிப்பும் விழாது. மணிக்கணக்கில ரெஜிபோமுக்கு மேல சுட்டுக்கொண்டு கிடக்கும். இதைத்தான் நான் சொல்ல வந்தது.

கல்லடிப்பாலம்

இது முழுக்கச் சரி, நான் முதலே சொல்லியிருக்க வேண்டியது. ஷோட் ஆகிற வயரை விடத் தளந்த முறுக்குத்தான் தீக்கு நல்ல காரணம், ஏனெண்டா அது நெடுநேரம் ஒரே இடத்தைச் சுடும். ஆனா ஒரு நிபந்தனை: அந்த வயர்ல பாரம் இருக்கணும். ராத்திரி லைட் ஏதும் எரிஞ்சதா? எல்லாம் நிப்பாட்டியிருந்தா முறுக்குல கரண்ட் பாயாது, சுடாது.

வெள்ளைக்கோட்டு

பகுப்பாய்வுக்குப் போன மாதிரியைப் பத்தி யாரும் கேக்கல்ல. மருதமுனை, சாம்பலை எதுல போட்டு அனுப்பினாங்க? எந்த இடத்துல எடுத்தாங்க?

எதுல போட்டது எண்டது ஏன் முக்கியமெண்டா, சாதாரணப் பொலித்தீன் பையால பெற்றோல் ஆவி வெளியவும் போகும், உள்ளயும் வரும். பொலிஸ் ஜீப்புக்குள்ள பக்கத்துல பெற்றோல் கான் இருந்தா அது மாதிரிக்குள்ள வந்திரும். புதுசா, உள்பூச்சு இல்லாத, இறுக்கி மூடுற பெயின்ற் டின் வேணும், இல்லாட்டி கண்ணாடிப் போத்தல், இல்லாட்டி இதுக்கெண்டே செய்யிற நைலோன் பை. மூணில ரெண்டு பங்குக்கு மேல நிரப்பக்கூடாது, மேல ஆவி நிக்க இடம் வேணும். ஒவ்வொரு மாதிரிக்கும் கையுறை மாத்தணும். ஆய்வுகூடத்துல டின்னுக்குள்ள ஒரு கரிப் பட்டையைத் தொங்க விட்டு மணிக்கணக்கில சூடாக்குவாங்க. ஆவி கரியில ஒட்டும். அதைக் கரைச்செடுத்து, எந்த எந்தச் சேர்வை எவ்வளவு எண்டு கருவி பிரிச்சுக் காட்டும்.

இங்கதான் சாரிக்கடை பொல்லாதது. ரெஜிபோம் எரிஞ்சா ஸ்டைரீன், டொலுயீன், எத்தில் பென்சீன் எல்லாம் வரும். பெற்றோலிலயும் டொலுயீன், எத்தில் பென்சீன் இருக்கு. ஒண்டிரண்டு பேரைக் கண்டுட்டுப் “பெற்றோல்” எண்டு எழுதினா பிழை. பெற்றோல் எண்டா ஒரு முழுக் குடும்பம், அதுவும் ஒண்டுக்கொண்டு குறிச்ச விகிதத்துல இருக்கணும். மண்ணெண்ணெய்க்கு நேர்ச்சங்கிலி அல்கேன்கள் வரிசையா நிக்கும். எரிஞ்ச பொலித்தீனும் அதே வரிசையைத் தரும், ஆனா ஒவ்வொரு படியிலயும் அல்கேனோட அல்கீனும் டையீனுமாச் சேந்து மூணு மூணா நிக்கும். மண்ணெண்ணெயில அந்த அல்கீனும் டையீனும் சேந்து நிக்காது. இதைப் பிரிக்கத்தான் எரியாத சாரி, உறை, ரெஜிபோம் துண்டு எல்லாம் ஒப்பீட்டு மாதிரியா அனுப்பணும். அது போகாட்டி றிப்போட் எப்படி வந்தாலும் கேள்வி மிஞ்சும்.

மருதமுனை_தறி

எல்லாருக்கும் நன்றி. விசாரிச்சுட்டு வாறன்.

சாம்பல் எடுத்தது ரெண்டு இடத்துல, ஷட்டரடியிலயும் பின்கதவடியிலயும். போட்டது சொப்பிங் பையில. பையை டின்னுக்குள்ள போட்டாங்களா எண்டு தெரியாது. ஒப்பீட்டு மாதிரி எடுக்கல்ல.

பின்கதவுக்கு உள்பக்கம் சின்ன ஜெனரேற்றரும் ஒரு பெற்றோல் கானும் எப்பவும் இரிக்கும், கரண்ட் கட்டுக்கு. ஷட்டர் வெட்டினது பெற்றோலில ஓடுற வெட்டு மெசினாலதான்.

ராத்திரியில நடுவுல ஒரு டியூப் லைட்டும் வெளியில பேர்ப்பலகையும் எரியிறது, ரெண்டும் ஒரே லைட் லைன். கெமரா இரிக்கி, ஆனா டீ.வீ.ஆர் பெட்டி பாதி உருகிட்டு, பொலிசிட்ட கிடக்கு. ஷட்டர் பூட்டு ரெண்டும் பூட்டினபடியேதான் இருந்தது எண்டு படையினர் சொல்றாங்க. பின்கதவு முழுக்க எரிஞ்சிட்டு, பூட்டை யாரும் தேடல்ல.

கல்லடிப்பாலம்

இப்பதான் படம் தெளியுது. ஒவ்வொண்டா வாறன்.

ஷட்டரடித் தடம்: தடத்துக்குக் காத்தே காரணமாகப் போதும். மாதிரியில பெற்றோல் வந்தாலும் வெட்டு மெசின்ட பெற்றோலா எண்டு கேக்க வேண்டி வரும். அந்த மெசினை எங்க வச்சு எண்ணெய் ஊத்தினாங்க, எங்க நிண்டு வெட்டினாங்க எண்டு படையினரிட்ட வாக்குமூலம் எடுக்கணும்.

பின்கதவுத் தடம்: அங்க கான் இருந்த இடம். பெற்றோல் வராட்டித்தான் ஆச்சரியம். இங்க பாக்க வேண்டியது கானின்ட மிச்சம். பிளாஸ்டிக் கான் நிமிந்தபடி, மூடி போட்டபடி எரிஞ்சா அடிப்பகுதி வட்டமா உருகித் தரையில ஒட்டிக் கிடக்கும், மூடியின்ட தடயமும் அதோட சேந்து கிடக்கலாம். கான் அந்த இடத்துல இல்லாம நடுக்கடையில கிடந்தா அது வேற கதை, அதுக்கு விளக்கம் வேணும். பூட்டை இப்பவாவது தேடச் சொல்லுங்க. கதவு எரிஞ்சாலும் பூட்டின்ட இரும்பும் பித்தளையும் சாம்பலுக்குள்ள கிடக்கும். நாக்கு வெளிய நீட்டியிருந்தா பூட்டினது, உள்ள இருந்தா திறந்தது.

ஆக மாதிரி எடுத்த ரெண்டு இடமும் எதையும் நிறுவாத இடம். விசயம் இருக்கிறது நடுத்தடத்துல, அங்க மாதிரியே எடுக்கல்ல.

நடுத்தடத்துக்கு நான் காண்றது மூணு விளக்கம். ஒண்டு, மேல டியூப் லைட் லைன்ல ஏறாவூரார் சொன்ன முறுக்குச் சுட்டு, ரெஜிபோம் பத்தி, எரிஞ்சபடி கீழ சொட்டி, அங்க கிடந்த துணியைப் பத்த வச்சிருக்கலாம். லைட் எரிஞ்சுகொண்டு இருந்ததால பாரமும் இருந்திருக்கு. ரெண்டு, தீ வேறெங்கயோ தொடங்கி, நடுவுல கூரை வெடிச்சு ஓட்டை விழுந்து, அதுக்கு நேர கீழ எரிவு கூடியிருக்கலாம். மூணு, உண்மையிலயே ஏதோ ஊத்தியிருக்கலாம்.

மூணையும் பிரிக்கலாம். கூரையில எந்தத் தகடு முதல்ல போச்சு எண்டு படையினர்ட படத்துல பாருங்க. ஓட்டையும் தடமும் நேருக்கு நேர் வந்தா ரெண்டாவது விளக்கம் பலம் பெறும். முதலாவதுக்கு அந்த இடத்து வயர் துண்டு எல்லாத்தையும் கூட்டி வாராம, கிடந்த இடத்திலயே படம் எடுத்துச் சேக்கணும். ஒரு லைன்ல பல இடத்துல மணி இருந்தா பிரேக்கர் இருக்கிற போட்டிலயிருந்து ஆகத் தூரத்துல இருக்கிற மணிதான் பெரும்பாலும் முதல்ல வந்தது. இடையில அறுந்த பிறகு அதுக்கு அப்பால கரண்ட் போகாதே. கிளை பிரிஞ்ச லைனெண்டா இந்தக் கணக்கு ஏமாத்தும், உங்கட லைன் டியூபுக்கும் பேர்ப்பலகைக்கும் பிரியிது, கவனம்.

மூணாவதுக்குத் தரையைப் பாக்கணும். வழுவழுப்பான தரையில ஒரு லீற்றர் பெற்றோல் ஒரு சதுர மீற்றருக்கு மேல பரவி, ஒண்டிரண்டு நிமிசத்துல எரிஞ்சு முடிஞ்சிரும். திரவம் கிடக்கிற வரைக்கும் அதுக்குக் கீழ தரை பெரிசாச் சுடாது. அதால டைல்ஸில “ஆழமா எரிஞ்ச” தடம் எண்டது பெற்றோலை விட நெடுநேரம் கிடந்து எரிஞ்ச துணிக் குவியலுக்கும் உருகின பிளாஸ்டிக்குக்கும்தான் பொருந்தும். ஆனா திரவம் பள்ளத்துக்கு ஓடும், டைல்ஸ் இடைவெளிக்குள்ளயும் றாக்கை அடிக்கட்டைக்குக் கீழயும் இறங்கும். அங்கதான் அது தப்பி நிக்கும். தரைமட்டம் வச்சுப் பாத்துச் சரிவு எந்தப் பக்கம் எண்டு கண்டு, அந்தப் பக்கத்து இடைவெளிச் சீமெந்தைத் தோண்டி எடுங்க.

காத்தான்குடி_கணக்கு

எல்லாம் சரி. கடைசியில ஒண்டும் உறுதியாகாட்டி? நான் முதல் சொன்ன மாதிரிக் கழிச்சுக் கழிச்சுத்தானே வரணும்.

கல்லடிப்பாலம்

இல்ல நானா. கழிக்கிறது தப்பில்ல, ஆனா கழிச்சு மிஞ்சினதுக்கும் சொந்தமா ஒரு சாட்சி வேணும். கரண்ட் எண்டு காட்ட முடியல்ல எண்டது தீ வச்சதுக்குச் சாட்சி ஆகாது. உலகம் முழுக்கப் புலனாய்வாளர் பாவிக்கிற என்.எப்.பி.ஏ 921 வழிகாட்டி 2011 பதிப்பில இந்த முறையை வெளிப்படையாவே ஒதுக்கிட்டு. சாட்சி போதாட்டி “காரணம் தீர்மானிக்கப்படவில்லை” எண்டு எழுதணும், அதுவும் முறையான ஒரு முடிவு.

காத்தான்குடி_கணக்கு

அப்படி எழுதினா உண்மையில வச்சவனும் தப்புவான். பெற்றோல் ஊத்தினவன் அடையாளத்தை விட்டுட்டுப் போவானா? முழுக்க எரிஞ்ச கடையில நீங்க கேக்கிற சாட்சி எப்பவுமே கிடைக்காது. இதை நான் ஏத்துக்க மாட்டன்.

கல்லடிப்பாலம்

சிலர் தப்புறது உண்மை. அதை மறுக்கல்ல. ஆனா சாட்சி தரையில மட்டும் இல்ல. விலை கூடின சாரி முந்தின நாளே வெளிய போயிருக்கா, உடைச்சு உள்ள வந்த தடம் இருக்கா, கெமரா திருப்பி வச்சிருக்கா, இதெல்லாம் நெருப்பில அழியாது. சாம்பலில கூட, கட்டுக்கட்டா அடுக்கின சாரி வெளி ஓரம் மட்டும் கருகி நடு மிஞ்சும். இருந்த ஸ்டொக் இருந்ததா, வெறும் றாக்கை எரிஞ்சதா எண்டு எண்ணிப் பாக்கலாம்.

மருதமுனைத் தம்பி, டீ.வீ.ஆர் பெட்டி உருகினாலும் உள்ள ஹாட் டிஸ்க் தடிச்ச உலோக உறைக்குள்ள இருக்கு, பல நேரம் வாசிக்க ஏலும். யாரும் அதைக் கரண்டுல கொழுவிப் பாக்க விடாதீங்க, ஈரத்தோட சுத்தினா தட்டு பழுதாகிரும். கடைசிப் படம் வந்த நேரம்தான் மெயின் ட்ரிப் விழுந்த நேரமாக இருக்கலாம். பெட்டி நேரத்தை அப்படியே நம்பக்கூடாது, பத்துப் பதினைஞ்சு நிமிசம் பிந்தின பெட்டி எத்தினையோ. எதிர்க்கடைக் கெமராவிலயும் உங்கட கெமராவிலயும் ஒரே பஸ் கடந்து போற இடத்தை எடுத்து ரெண்டு நேரத்தையும் ஒப்பிடுங்க. பிறகு கடைசிப் படத்துல புகை எங்க நிக்குது எண்டு பாருங்க. சீலிங்குக்கு மேலால சந்துகளில இறங்கினா ஒண்டு, தரையிலயிருந்து திடீரெண்டு வெளிச்சம் எழும்பினா வேறொண்டு.

பிளக் பிரேக்கர் மேல நிக்கிறதும் இதோட பொருந்துது. மெயின் முதல்ல விழுந்தா பிளக் லைன் செத்துப் போகும், தீ அதை எரிக்கிற நேரம் ஷோட் வராது. பிளக் வயர்ல மணியே இல்லாட்டி, தீ அதுக்கு வந்தது மெயின் விழுந்த பிறகு எண்டு ஓரளவுக்குச் சொல்லலாம்.

மருதமுனை_தறி

நடு இடத்துல சாம்பல் இன்னும் அப்படியே கிடக்கு, ஆனா கூரை இல்ல, ரெண்டு தரம் மழை பெய்ஞ்சிட்டு. இனி மாதிரி எடுத்துப் பலன் இரிக்கா? நாங்களே எடுக்கலாமா?

வெள்ளைக்கோட்டு

நீங்க கை வைக்காதீங்க. நீதவான் நீதிமன்றத்துல வழக்கு இருக்கெண்டா சட்டத்தரணி மூலம் கேட்டு, பொலிசும் கொம்பனி ஆளும் நிக்கிற நேரம் எடுக்கணும். இல்லாட்டி நீங்க எடுத்த மாதிரியே உங்களுக்கு எதிராத் திரும்பும். அதுவரைக்கும் மேல ஒரு படங்கு கட்டி மழையை மட்டும் நிப்பாட்டுங்க, தரையில பொலித்தீன் விரிக்காதீங்க.

பலன் குறைவு, ஆனா இல்லாம இல்ல. தண்ணி பெற்றோலை முழுக்கக் கழுவாது, இடைவெளிக்குள்ள போனது கொஞ்சம் நிக்கும். டைல்ஸுக்குக் கீழ சீமெந்துல ஊறியிருந்தா, டைல்ஸை எடுத்துட்டு அந்த இடத்துல சோடா சேராத கோதுமை மாவை ஒரு படையாத் தூவி அரை மணித்தியாலம் விட்டு வாரி எடுக்கிறது உண்டு. மா உறிஞ்சும். அதே பக்கற்றிலயிருந்து தூவாத மா கொஞ்சம் தனி டின்ல ஒப்பீட்டுக்குப் போகணும். எரியாத மூலையில, அதே டைல்ஸுக்குக் கீழயும் ஒண்டு எடுக்கணும். தரை துடைக்க மண்ணெண்ணெய் கலந்த தண்ணி பாவிச்சிருந்தா அது அங்கயும் வந்திரும், அப்ப நடுவுல வந்ததுக்கு விளக்கம் கிடைச்சிரும்.

ஒண்டு மட்டும் கவனம். இத்தினை நாளுக்கும் மழைக்கும் பிறகு ஒண்டும் வராட்டி, ஊத்தல்ல எண்டு அதை வச்சு நீங்களும் வாதாட ஏலாது.

ஏறாவூர்_வயரிங்

தம்பி, படங்கு கட்டுற நேரம் சீலிங் வயரை இழுத்து ஓரத்துல போட்டுறாதீங்க. மின்சார சபை லைனைக் கழட்டிட்டாங்களா எண்டு முதல்ல பாருங்க. டியூபுக்குப் போன வயரை நடுச் சாம்பலுக்குள்ள தேடுறதெண்டா சந்தி இருந்த இடம் கடைக்காரருக்கு நினைவிருக்கும், யார் வயரிங் செஞ்சது எண்டும் கேட்டு அவரைக் கூட்டிக்கொண்டு போங்க. முறுக்கு கிடைச்சா ரேப்பைக் கழட்டாம அப்படியே டின்னுக்குள்ள. சுட்ட முறுக்கு எண்டா ஒரு பக்கத்துக் கம்பி மட்டும் அரிச்சு மெலிஞ்சு கறுத்திருக்கும். வெளித்தீ எண்டா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி.

கல்லடிப்பாலம்

கம்பி அரிப்பை நுணுக்குக்காட்டியில பாக்கிற ஆள் வேணும், கண்ணால பாத்து முடிவு சொல்ல வேணாம். பெரும்பாலும் ரெண்டு பக்கமும் சேந்து எரிஞ்சு போய்த்தான் கிடைக்கும். ஹாட் டிஸ்க் வாசிச்சாங்களா எண்டு வந்து சொல்லுங்க, மிச்சத்தை அதுக்குப் பிறகு பாப்பம்.